கணக்குக் கோவைகளின் தொடரமைப்பும் தன்னழைப்புப் பகுப்பானும்: இடத்தொகுப்புச் சிக்கலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தட்டச்சிடப்பட்ட ஒரு கணக்குக் கோவையை இடமிருந்து வலமாகப் படித்து, அதன் தொடரமைப்பைக் கண்டறிந்து, மதிப்பையும் உடன் தரும் தன்னழைப்பு இறங்குமுறைப் பகுப்பானை இக்கட்டுரை ஆராய்கிறது. செயற்குறிகளின் முன்னுரிமையை இலக்கண விதிகளின் அடுக்கே தந்துவிடுகிறது. ஆனால் ஒரே தரத்துச் செயற்குறிகள் தொடர்ந்து வரும்போது எவற்றை முதலில் சேர்ப்பது என்னும் வினாவில், இலக்கணத்தை எழுதும் முறையும் அதை இயக்கும் முறையும் முரண்படுகின்றன. அம்முரண் பிழைச்செய்தி எதுவுமின்றித் தவறான விடையைத் தரவல்லது. அது தோன்றும் இடமும் தீரும் வழியும் இங்கு எடுத்துக்காட்டுகளுடன் விளக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: தொடரிலக்கணம், பகுப்பான், தன்னழைப்பு, முன்னுரிமை, இடத்தொகுப்பு, ஆறாம் வேற்றுமைத் தொடர்.

முன்னுரை

`10 - 4 - 3` என்னும் கோவையின் மதிப்பு 3 என்பதைப் பள்ளி மாணவரும் அறிவர். இதே கோவைக்கு 9 என்று விடை தரும் நிரலை எழுதுவது மிக எளிது. அந்நிரல் `2 + 3 * 4` என்பதற்கு 14 என்றும், `(2 + 3) * 4` என்பதற்கு 20 என்றும் சரியாகவே விடை தரும். அடைப்புக்குறிகளையும் முன்னுரிமையையும் பிழையின்றிக் கையாளும் ஒரு நிரல் இரண்டு கழித்தல் குறிகளில் ஏன் தடுமாறுகிறது என்பதே இக்கட்டுரையின் வினா.

கணினித் தமிழ் ஆய்வில் தொடர்ப்பகுப்பைத் தொடங்குவோருக்குக் கணக்குக் கோவை நல்ல பயிற்சிக்களம். அதன் சொற்றொகுதி மிகச் சிறியது. எண்கள், நான்கு செயற்குறிகள், இரண்டு அடைப்புக்குறிகள் ஆகியவற்றோடு அது முடிந்துவிடுகிறது. எனினும் ஒரு தொடருக்குள் அதே வகைத் தொடர் அடங்கி வரும் பண்பும், சொற்கள் தொகுப்புகளாகச் சேரும் பண்பும் இயற்கைமொழித் தொடருக்கு உள்ளவாறே இதற்கும் உள்ளன. பகுப்பு சரியா தவறா என்பதை விடையே காட்டிக்கொடுப்பது கூடுதல் வசதி.

இக்கட்டுரையில் பள்ளிக் கணிதத்தின் சொற்களே கலைச்சொற்களாக ஆளப்படுகின்றன. கூட்டல், கழித்தல் குறிகளால் இணைக்கப்பட்ட முழுமை கோவை எனப்படும். கோவையின் பகுதி உறுப்பு. பெருக்கல், வகுத்தல் குறிகளால் இணைந்து உறுப்பை ஆக்குவது காரணி. நிரலில் இவை முறையே `expr`, `term`, `factor` என வரும். எடுத்துக்காட்டு நிரல்கள் பைத்தான் மொழியில் அமைந்தவை.

முன்னுரிமை என்பது மறைந்து நிற்கும் அடைப்புக்குறி

1957-இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் மொழியின் முதல் தொகுப்பி முன்னுரிமையை ஒரு வியப்பான உத்தியால் கையாண்டது. கோவையின் தொடக்கத்தில் இரண்டு திறப்புக்குறிகளையும் இறுதியில் இரண்டு மூடற்குறிகளையும் இட்டது. ஒவ்வொரு கூட்டல் குறியையும் `))+((` எனவும், ஒவ்வொரு பெருக்கல் குறியையும் `)*(` எனவும் மாற்றியது. கழித்தலும் வகுத்தலும் அவ்வாறே மாறின. அவ்வளவே. `a + b * c` என்பது அதன்பின் `((a))+((b)*(c))` என நின்றது. பெருக்கல் தானாகவே ஓர் அடைப்புக்குள் அகப்பட்டுக்கொள்கிறது. இதன் எளிமையைக் கண்டு இக்கட்டுரையாளர் காகிதத்தில் பல கோவைகளை எழுதி எழுதிச் சரிபார்த்ததுண்டு.

முன்னுரிமை என்பது எழுதப்படாத அடைப்புக்குறிகளே என்பதை இவ்வுத்தி தெளிவாக்குகிறது. ஆனால் இதே உத்தியை `a - b - c` என்பதற்குப் பொருத்தினால் `((a))-((b))-((c))` என்றே கிடைக்கிறது. மூன்று உறுப்புகளும் தனித்தனி அடைப்புகளில் நிற்கின்றன. எந்த இரண்டை முதலில் சேர்ப்பது என்று அவ்வடைப்புகள் சொல்லவில்லை. ஆகவே முன்னுரிமை வேறு, தொகுப்புத்திசை வேறு. வெவ்வேறு தரத்துக் குறிகளுக்கிடையே எழுவது முன்னுரிமை பற்றிய வினா. ஒரே தரத்துக் குறிகளுக்கிடையே எழுவது தொகுப்புத்திசை பற்றிய வினா. இடப்புற இரண்டை முதலில் சேர்ப்பது இடத்தொகுப்பு. வலப்புற இரண்டை முதலில் சேர்ப்பது வலத்தொகுப்பு.

அடைப்புக்குறி முதலில், பின் வகுத்தல், பெருக்கல், கூட்டல், கழித்தல் என்று பள்ளியில் மனப்பாடமாகக் கற்பிக்கப்படும் வரிசை இவ்விரு வினாக்களையும் குழப்பிவிடுகிறது. அவ்வரிசையைச் சொல்லுக்குச் சொல் பின்பற்றும் மாணவர் `10 - 4 + 3` என்பதில் கூட்டலை முதலில் செய்து 3 என்று விடை எழுதுவார். சரியான விடை 9. கூட்டலும் கழித்தலும் ஒரே தரத்தவை, இடமிருந்து வலமாகச் செய்யப்பட வேண்டியவை என்பது அவ்வரிசையில் இல்லை. பின்னர்க் காணப்போகும் நிரற்பிழையும் இதே தவறான விடையையே தருகிறது.

விதிகளின் அடுக்கு

1960-இல் பீட்டர் நார் பதிப்பித்த அல்கால் 60 அறிக்கை, ஒரு நிரல்மொழியின் தொடரமைப்பை முறையான மாற்றுவிதிகளால் விளக்கிற்று. அங்கு அமைந்த முறையைச் சுருக்கி, நமது தேவைக்கேற்ப இவ்வாறு எழுதலாம்:

```
expr   -> expr "-" term   | expr "+" term   | term
term   -> term "*" factor | term "/" factor | factor
factor -> number | "(" expr ")" | "-" factor
```

முதல் விதியைத் தமிழில் சொன்னால், ஒரு கோவை என்பது ஒரு கோவையும், கழித்தல் அல்லது கூட்டல் குறியும், ஓர் உறுப்பும் சேர்ந்தது. அல்லது ஓர் உறுப்பு மட்டுமே ஆகும். கோவையின் பகுதிகளாக உறுப்புகளும், உறுப்பின் பகுதிகளாகக் காரணிகளும் அமைவதால் `2 + 3 * 4` என்பதை `(2 + 3) * 4` எனப் பகுக்க இவ்விலக்கணத்தில் வழியே இல்லை. பெருக்கலின் இடப்புறம் நிற்பது `term`. அடைப்புக்குறி இல்லாத `2 + 3` ஒரு `term` ஆக முடியாது. முன்னுரிமைக்கென எண்களோ அட்டவணையோ எங்கும் தரப்படவில்லை. விதிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும் முறையே அதைத் தருகிறது. மிகத் தாழ்ந்த படியாகிய காரணியில், அடைப்புக்குறிக்குள் மீண்டும் மிக உயர்ந்த படியாகிய கோவை வருகிறது. அடைப்புக்குள் அடைப்பு எத்தனை முறை வந்தாலும் இவ்வொரு வரி போதும்.

தொகுப்புத்திசையும் இவ்விலக்கணத்திலேயே உள்ளது. முதல் விதியில் கோவை கழித்தல் குறியின் இடப்புறம் நிற்கிறது. வலப்புறம் ஓர் உறுப்பு மட்டுமே நிற்கிறது. எனவே `10 - 4 - 3` என்பதில் கடைசிக் கழித்தல் குறியே தொடரின் தலைமைக்குறி. அதன் வலப்புறம் 3. இடப்புறம் `10 - 4` என்னும் கோவை. இடத்தொகுப்பு தவிர வேறு பகுப்புக்கு இடமில்லை. இலக்கணம் என்ற அளவில் இதில் குறையே இல்லை.

விதியைச் செயற்கூறாக்குதல்

தன்னழைப்பு இறங்குமுறைப் பகுப்பானின் கருத்து எளிது. ஒவ்வொரு விதிக்கும் ஒரு செயற்கூறு எழுதப்படுகிறது. விதியின் வலப்பக்கத்தில் வேறொரு விதியின் பெயர் வந்தால் அவ்விதிக்குரிய செயற்கூறு அழைக்கப்படுகிறது. குறியோ எண்ணோ வந்தால் உள்ளீட்டிலிருந்து அது எடுத்துக்கொள்ளப்படுகிறது. மேலிருந்து கீழாக விதிகளின் வழியே இறங்குவதாலும், செயற்கூறுகள் தம்மையே மீண்டும் அழைக்க நேர்வதாலும் இப்பெயர். நிக்லஸ் விர்த் தம் பாஸ்கல் தொகுப்பிகளில் கையாண்டதும் இம்முறையே.

மேற்கண்ட முதல் விதியை உள்ளவாறே செயற்கூறாக்கினால் அதன் முதல் வரி இவ்வாறு அமையும்:

```python
def expr(self):
    v = self.expr()
```

கோவையைப் படிக்க வேண்டுமெனில் முதலில் ஒரு கோவையைப் படிக்க வேண்டும். அதைப் படிக்க மற்றொன்றைப் படிக்க வேண்டும். உள்ளீட்டில் ஒரு குறியும் எடுக்கப்படாத நிலையில் செயற்கூறு தன்னையே அழைத்துக்கொண்டே செல்கிறது. பைத்தான் வழக்கமாக 1000 அடுக்கு ஆழத்தில் இதை நிறுத்தி `RecursionError` என அறிவிக்கும். தன்னழைப்பு என்பதே குற்றமன்று. அடைப்புக்குறிக்குள் கோவை வரும்போதும் செயற்கூறு மறுபடி அழைக்கப்படுகிறது. ஆனால் அதற்குமுன் ஒரு திறப்புக்குறி எடுக்கப்பட்டுவிடுவதால் உள்ளீடு குறைந்துகொண்டே வந்து அழைப்பும் முடிவுறுகிறது. எதையும் எடுக்காமல் தன்னை அழைப்பதே சிக்கல். விதியின் இடக்கோடியில் விதியின் பெயரே நிற்பதால் இதனை இடக்கோடித் தன்னழைப்பு எனலாம்.

இச்சிக்கலின் வேர் தலைமைக்குறியில் உள்ளது. இலக்கணத்தின்படி கடைசிக் கழித்தல் குறியே தலைமைக்குறி. மேலிருந்து இறங்கும் பகுப்பானோ இடக்கோடியில் நின்று, அடுத்து வரும் ஒரே ஒரு குறியை மட்டும் பார்க்கிறது. எந்தக் குறி கடைசி என்று அதற்கு அப்போது தெரியாது.

திருத்தமும் அதனால் விளையும் பிழையும்

அழைப்பு முடிவின்றிச் செல்வதைக் கண்டவுடன் தோன்றும் திருத்தம் விதியைத் திருப்பிப் போடுவது. `expr -> term "-" expr` என்று எழுதினால் முதலில் ஓர் உறுப்பு எடுக்கப்பட்டுவிடும். அழைப்பும் முடிவுக்கு வரும்.

```python
def expr(self):
    v = self.term()
    if self.peek() == "+":
        self.take()
        return v + self.expr()
    if self.peek() == "-":
        self.take()
        return v - self.expr()
    return v
```

இங்கு `peek` அடுத்த குறியை எடுக்காமல் பார்க்கிறது. `take` அதை எடுத்துக்கொள்கிறது. இந்நிரல் ஏற்கும் கோவைகளும் பழைய இலக்கணம் ஏற்கும் கோவைகளும் ஒன்றே. ஒன்று ஏற்று மற்றொன்று மறுக்கும் கோவை எதுவும் இல்லை. ஆனால் பகுப்பு மாறிவிட்டது. `10 - 4 - 3` என்பதில் முதல் கழித்தல் குறி தலைமைக்குறியாகிவிடுகிறது. வலப்புறம் முழுவதும் ஒரு கோவையாகப் படிக்கப்பட்டு `4 - 3` என்பது 1 ஆகிறது. `10 - 1` என்பது 9. `10 - 4 + 3` என்பதற்கு இந்நிரல் 3 எனக் கூறும். மேலே கண்ட மாணவரின் விடை இதுவே.

ஒரு தொடர் இலக்கணத்துக்கு உட்பட்டதா என்று மட்டும் கேட்டால் இரண்டு இலக்கணங்களும் சமம். அதன் பொருள் யாது என்று கேட்டால் அவை வேறு. இவ்வேறுபாட்டைக் காணாமல் விடுவது எவ்வளவு எளிது என்பதற்கு இக்கட்டுரையாளரின் முதல் பகுப்பானே சான்று. அதனைச் சோதிக்க எழுதிய கோவைகள் ஏறத்தாழ அனைத்திலும் கூட்டலும் பெருக்கலுமே இருந்தன. `2 + 3 + 4` என்பதை எத்திசையில் தொகுத்தாலும் 9 தான். `2 * 3 * 4` என்பதும் அவ்வாறே. கழித்தல் வந்த கோவைகளிலும் அது ஒருமுறையே வந்தது. எல்லாச் சோதனைகளும் வென்றதால் நிரல் சரியென்றே கொள்ளப்பட்டது. பின்னர் ஒரு சொற்பட்டியலிலிருந்து சில எண்ணிக்கைகளை அடுத்தடுத்துக் கழிக்க நேர்ந்தபோதுதான், எஞ்சியது தொடக்கத்தில் இருந்ததற்கு மிக அருகிலேயே நிற்பது கண்ணில் பட்டது.

எனவே இப்பிழையை வெளிக்கொணரத் தொகுப்புத்திசையால் மதிப்பு மாறும் கோவையே வேண்டும். `10 - 4 - 3`, `10 - 4 + 3`, `8 / 4 / 2` ஆகிய மூன்றும் போதுமானவை. மூன்றாவதன் சரியான விடை 1. வலத்தொகுப்பில் அது 4 ஆகும்.

மடக்கு தரும் தீர்வு

சரியான தீர்வு தன்னழைப்பை மடக்காக மாற்றுவது. கோவை என்பது ஓர் உறுப்பு. அதன்பின் குறியும் உறுப்புமான இணைகள் எத்தனையும் வரலாம் என்று விதியை எழுதிக்கொள்ள வேண்டும்.

```python
def expr(self):
    v = self.term()
    while self.peek() in ("+", "-"):
        op = self.take()
        w = self.term()
        v = v + w if op == "+" else v - w
    return v
```

எந்தக் குறி கடைசி என்று இந்நிரல் கண்டறிய முயல்வதே இல்லை. இதுவரை படித்ததன் மதிப்பு `v`-இல் நிற்கிறது. அதுவே முழுக்கோவையாகவும் இருக்கலாம். இன்னொரு கழித்தல் குறி வந்தால், முழுமை எனக் கருதப்பட்டது அக்குறியின் இடப்பக்கப் பகுதியாகத் தாழ்ந்துவிடுகிறது. குறி வராதபோது மடக்கு நின்று, அதுவரை கிடைத்ததே விடையாகிறது. இலக்கணம் வேண்டிய இடத்தொகுப்பும், இறங்குமுறை வேண்டிய முடிவுறும் தன்மையும் இங்கே ஒத்துப்போகின்றன.

`term` இதே வடிவினது. `factor` என்பதை அது அழைக்கும், `*`, `/` ஆகிய குறிகளைப் பார்க்கும். காரணியின் செயற்கூறு வருமாறு:

```python
def factor(self):
    x = self.take()
    if x == "(":
        v = self.expr()
        if self.take() != ")":
            raise SyntaxError("')' இல்லை")
        return v
    if x == "-":
        return -self.factor()
    if x.isdecimal():
        return int(x)
    raise SyntaxError("எதிர்பாராத குறி: " + x)
```

`20 - 6 / 2 - (9 - 4 - 1)` என்பதை இதன் வழியே நடத்திப் பார்க்கலாம். `expr` முதலில் `term`-ஐ அழைக்கிறது. அது 20-ஐப் பெற்று, அடுத்துள்ளது கழித்தல் குறி எனக் கண்டு, அது தனக்குரியதன்று என்பதால் திரும்பிவிடுகிறது. `expr` அக்குறியை எடுத்து மறுபடி `term`-ஐ அழைக்கிறது. இம்முறை 6-க்குப் பின் வகுத்தல் குறி நிற்பதால் `term` அதை எடுத்து, 2-ஐப் பெற்று, 3 எனத் தருகிறது. `v` இப்போது 17. அடுத்த கழித்தலுக்குப் பின் திறப்புக்குறி வருகிறது. `factor` அதை எடுத்துப் புதியதொரு `expr`-ஐத் தொடங்குகிறது. இப்புதிய அழைப்புக்குத் தனியாக ஒரு `v` உண்டு. வெளியிலுள்ள 17 தீண்டப்படாமல் காத்திருக்கிறது. உள்ளே 9, பின் 5, பின் 4 என மதிப்பு குறைகிறது. மூடற்குறியைக் கண்டதும் உள்ளழைப்பு 4-ஐத் தந்து முடிகிறது. வெளியே 17-இலிருந்து 4 கழிந்து 13 ஆகிறது. பைத்தானில் வகுத்தலின் விளைவு எப்போதும் தசம வடிவில் வருவதால் திரையில் `13.0` எனத் தோன்றும். திருப்பிப் போட்ட விதியோ இதே கோவைக்கு 23 எனத் தந்திருக்கும்.

அடைப்பின் ஆழத்துக்கும் ஓர் எல்லை உண்டு. ஒவ்வோர் அடைப்புக்கும் மூன்று செயற்கூறுகள் ஒன்றினுள் ஒன்றாக அழைக்கப்படுவதால், 1000 என்னும் பைத்தானின் வரம்பு ஏறத்தாழ 330 அடைப்புகளுக்குள் எட்டப்பட்டுவிடும். கையால் எழுதும் கோவைக்கு இது தடையன்று.

வலத்தொகுப்பு வேண்டிய இடமும் உண்டு. அடுக்குக்குறியில் `2 ^ 3 ^ 2` என்பதை இன்றைய கணித வழக்கு 2-இன் 9-ஆம் அடுக்காகக் கொண்டு 512 என்கிறது. அங்கு மேலே பிழையெனத் தள்ளப்பட்ட தன்னழைப்பு வடிவமே சரியானது. அல்கால் 60 அறிக்கையோ அடுக்குக்குறியையும் இடத்தொகுப்பாகவே விதித்தது. அதன்படி இது 8-இன் வர்க்கமாகிய 64. ஒற்றைக் கழித்தல் குறியிலும் வழக்கு வேறுபடுகிறது. பைத்தானில் `-2**2` என்பது -4. எக்செல் விரிதாளில் `=-2^2` என்பது 4. இரண்டில் எது சரி என்பது விதியடுக்கில் ஒற்றைக்கழித்தலை அடுக்குக்குறிக்கு மேலே வைப்பதா கீழே வைப்பதா என்னும் உடன்பாட்டைப் பொறுத்ததே. இத்தகைய இடங்களில் அடைப்புக்குறி இட்டு எழுதுவதே இக்கட்டுரையாளரின் வழக்கம்.

குறிகளாகப் பிரித்தலும் தமிழ் எண்குறிகளும்

பகுப்பானுக்குள் செல்லுமுன் எழுத்துச்சரம் குறிகளாகப் பிரிக்கப்பட வேண்டும். இதற்கு ஒரே வரி போதும் போலத் தோன்றும்:

```python
re.findall(r"\d+|[-+*/()]", s)
```

இவ்வரி, தான் அறியாத எழுத்துகளைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. பதிப்பிக்கப்பட்ட நூலிலிருந்து ஒரு கோவையைப் படியெடுத்து ஒட்டினால், விசைப்பலகையின் `-` குறிக்கு மாற்றாக அச்சுக்குரிய நீண்ட கழித்தல் குறி `−` வருவதுண்டு. `−4 + 10` என்பதில் அக்குறி மறைந்துபோய், 6 வரவேண்டிய இடத்தில் 14 வருகிறது.

தமிழ் எண்குறிகளிடத்து இது மேலும் நுட்பமாக வெளிப்படுகிறது. பைத்தானின் `\d` ஒருங்குறியில் பதின்ம இலக்கங்களாகப் பதிவான எல்லாவற்றையும் ஏற்கும். ௧ முதல் ௯ வரையிலான தமிழ் இலக்கங்களும் அவற்றுள் அடங்கும். `int("௧௨")` என்பது 12. ஆகவே `௧௨ + ௩` என்பதற்கு நமது நிரல் எவ்வித மாற்றமுமின்றி 15 என்றே தரும். ஆனால் மரபுவழித் தமிழில் பன்னிரண்டை ௰௨ என்றே எழுதினர். பத்தைக் குறிக்கும் ௰ இடமதிப்பு இலக்கமன்று என்பதால் `\d` அதனை ஏற்பதில்லை. `௰௨ + ௩` என்பதில் ௰ கழன்றுபோய் விடை 5 ஆகிறது. பிழைச்செய்தி எதுவும் தோன்றாது.

எனவே அறியாத எழுத்தைக் கண்டவிடத்து நிற்பதே பிரிப்பானின் கடமை:

```python
PAT = re.compile(r"\d+|[-+*/()]")

def tokens(s):
    out, i = [], 0
    while i < len(s):
        if s[i].isspace():
            i += 1
            continue
        m = PAT.match(s, i)
        if not m:
            raise SyntaxError("அறியாத எழுத்து: " + s[i])
        out.append(m.group())
        i = m.end()
    return out + ["$"]
```

இறுதியில் சேர்க்கப்படும் `$` உள்ளீடு முடிந்ததைக் காட்டும். `expr` திரும்பிய பின் அடுத்து நிற்பது `$` தானா என்று பார்ப்பதும் இன்றியமையாதது. இல்லையெனில் `2 + 3) * 4` என்பதற்கு நிரல் 5 என்று தந்து முடித்துவிடும். மூடற்குறியைக் கண்ட மடக்கு, தன் வேலை முடிந்ததென்றே கருதும்.

மரபு எண்களையும் ஏற்க விரும்பின் அவற்றுக்கெனத் தனிவிதி எழுதலாம். ௨௱௩௰௫ என்பதில் இரண்டு நூறோடும், மூன்று பத்தோடும் பெருக்கலாய்ச் சேர்கின்றன. அவ்விளைவுகளும் ஐந்தும் கூட்டலாய்ச் சேர்ந்து 235 ஆகின்றன. குறியே எழுதப்படாத பெருக்கலும் கூட்டலும் முன்னுரிமையோடு நிற்கும் சிறு கோவை அது.

ஆறாம் வேற்றுமைத் தொடரில் இதே சிக்கல்

இடக்கோடித் தன்னழைப்பு கணக்குக் கோவைக்கு மட்டும் உரியதன்று. `அரசனின் மகனின் தோழனின் குதிரை` என்னும் தொடரில் அரசனும் மகனும் முதலில் சேர்ந்து ஒரு பெயர்த்தொடர் ஆகின்றனர். அம்மகனுக்குத் தோழன், அத்தோழனுக்குக் குதிரை. பெயர்த்தொடர் என்பது ஆறாம் வேற்றுமை ஏற்ற ஒரு பெயர்த்தொடரும் ஒரு பெயரும் சேர்ந்தது என்று விதி எழுதினால், விதியின் பெயர் மீண்டும் இடக்கோடியில் வந்து நிற்கிறது. அதனைத் திருப்பிப் போட்டு வலத்தொகுப்பாக்கினால் தொடர் ஏற்கப்படும். ஆனால் உறவுகள் மாறும். `மகனின் தோழனின் குதிரை` என்பது ஒரு முழுமையாகி, அக்குதிரை அரசனுக்கு உரியதாகிவிடும். 3 என்பது 9 ஆனதற்கு நிகரான பிழை இது. கணக்கில் எண் மாறியதுபோல் இங்கு உடைமையாளர் மாறுகிறார். எண்ணைச் சரிபார்ப்பதுபோல் இதை உடனே சரிபார்க்க இயலாது என்பதுதான் வேறுபாடு.

மடக்கு இங்கும் பொருந்துகிறது. ஒரு பெயரைப் படித்து, அது வேற்றுமையுருபு ஏற்றிருக்கும் வரை அடுத்த பெயரை எடுத்து, இதுவரை சேர்ந்ததை அதனோடு இணைக்கலாம். கணக்கில் அடுத்த குறியை எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. தமிழில் உருபு முன்னைய பெயரிலேயே ஒட்டி நிற்பதால், தொடர் நீளுமா முடியுமா என்பதைப் படித்த பெயரே சொல்லிவிடுகிறது.

ஆயினும் ஓர் அடை சேர்ந்தவுடன் இவ்வொப்புமை முறிகிறது. `பழைய கோயிலின் தேர்` என்பதில் பழையது கோயிலா தேரா என்பதை அச்சொற்கள் முடிவு செய்வதில்லை. கணக்குக் கோவையின் இலக்கணம், ஒவ்வொரு கோவைக்கும் ஒரே பகுப்பு என்னும் உடன்பாட்டோடு இயற்றப்பட்டது. இயற்கைமொழிக்கு அத்தகைய உடன்பாடு இல்லை. இங்கு விளக்கிய பகுப்பானோ ஒரு தொடருக்கு ஒரு பகுப்பைத் தந்தவுடன் முடிந்துவிடும். மற்றொரு பகுப்பு உண்டு என்பதை அது அறியாது, அறிவிக்கவும் செய்யாது. இடக்கோடித் தன்னழைப்பை உள்ளவாறே ஏற்று, இயலும் பகுப்புகள் அனைத்தையும் ஓர் அட்டவணையில் சேர்த்துவைக்கும் முறையை ஜே ஏர்லி 1970-இல் வெளியிட்டார். தமிழ்ப் பெயர்த்தொடர்களுக்கு அம்முறையே ஏற்றது. அடை எதனைத் தழுவுகிறது என்று தெரிவுசெய்யும் வேலையை அதுவும் செய்வதில்லை. இரண்டு பகுப்புகளையும் முன்வைப்பதோடு அது நின்றுவிடுகிறது.